கடைசி ஆண்டின் நிலக்கிரயமும் அதன்மேல் விழும் வரியும்

ஒரு தொழில் திட்டத்தில் பணத்தைப் போடுவதற்கு முன்னால் அதன் வரவு செலவுகளை ஆண்டுவாரியாக எழுதிப் பார்க்கிறவர்கள், முதல் ஆண்டின் முதலீட்டையும் இடைப்பட்ட ஆண்டுகளின் லாபத்தையும் மிகுந்த சிரத்தையோடு ஆராய்ந்து எழுதிவிட்டு, திட்டம் முடிகிற ஆண்டுக்கு வந்து சேர்ந்ததும், நிலத்தை விற்றால் இவ்வளவு கிடைக்கும் என்று ஒரே ஒரு தொகையைக் கடைசிக் கட்டத்தில் இட்டுக் கூட்டிவிடுவதை நான் பல திட்ட அறிக்கைகளில் கண்டிருக்கிறேன். அந்தக் கடைசிக் கட்டத்துக்கு இறுதிப் பணவரவு என்று பெயர். இயந்திரங்களை விற்ற தொகை, சரக்கிலும் கடன்பாக்கியிலும் முடங்கிக் கிடந்து திரும்பி வரும் நடைமுறை மூலதனம், நிலத்தின் விற்பனைக் கிரயம் ஆகிய மூன்றும் அங்கே வந்து சேருகின்றன. இவற்றுள் நம் நாட்டில் பெரும்பாலும் மிகப் பெரிய தொகை நிலத்தினுடையதுதான். அதன்மேல் விழும் வரியைப் பற்றித்தான் மிகக் குறைவாக யோசிக்கிறார்கள். அந்த வரியை மட்டும் எடுத்துக்கொண்டு, ஓர் உதாரணத்தை அடிமுதல் நுனிவரை கணக்கிட்டு, அது ஒரு திட்டத்தின் தலைவிதியை எவ்வாறு நிர்ணயிக்கிறது என்பதை இங்கே சற்று நிதானமாகப் பேசலாம் என்று உத்தேசம்.

மற்ற ஆஸ்திகளிலிருந்து நிலம் வேறுபடுவது ஓர் அடிப்படையான விஷயத்தில். இயந்திரமும் கட்டடமும் ஆண்டுக்கு ஆண்டு தேய்கின்றன என்று வருமான வரிச் சட்டம் ஒப்புக்கொள்கிறது. அந்தத் தேய்மானத்தை லாபத்திலிருந்து கழித்துக்கொள்ள அனுமதித்து, ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் வரியை மிச்சப்படுத்தித் தருகிறது. நிலம் தேய்வதில்லை. கட்டடம் எழும்பி நிற்கிற மனைக்குக்கூட, கட்டடத்தோடு சேர்த்துத் தேய்மானம் கேட்க முடியாது என்று ஆல்ப்ஸ் தியேட்டர் வழக்கில் நமது உச்ச நீதிமன்றம் 1967-ஆம் ஆண்டிலேயே தீர்மானமாகச் சொல்லிவிட்டது. ஆகவே நிலத்துக்காகக் கொடுத்த பணம் திட்டம் நடக்கும் காலம் முழுவதும் வரிக்கணக்கில் சிறிதும் கரையாமல் அப்படியே நிற்கிறது. இடையிலே ஒரு காசு வரிச் சலுகையும் தருவதில்லை. அதற்குப் பதிலாக, விற்கிற நாளில் அந்த முழுத் தொகையும் விற்பனைக் கிரயத்திலிருந்து கழிக்கப்படுகிறது. பத்து வருஷம் பயன்படுத்திய இயந்திரத்தை விற்றால் அநேகமாக வந்த தொகையில் பெரும்பகுதி வரிக்கு ஆளாகும். பத்து வருஷம் வைத்திருந்த நிலத்தை விற்றாலோ வாங்கிய விலைக்கு மேற்பட்ட பாகம் மட்டுமே வரிக்கு ஆளாகும். இந்த இரண்டையும் ஒரே சூத்திரத்தால் கணக்கிடுகிறவர் முதல் அடியிலேயே வழி தவறுகிறார்.

விகிதமும் வேறு. நிலத்தை 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் கிடைப்பது நீண்டகால மூலதன ஆதாயம். அதற்கு, 2024 ஜூலை 23-ஆம் தேதி முதல், 12.5 சதவீதம் வரி. 22 சதவீதச் சலுகை விகிதத்தைத் தேர்ந்துகொண்ட ஓர் உள்நாட்டுக் கம்பெனியை எடுத்துக்கொண்டால், அந்த 12.5-இன்மேல் 10 சதவீதம் கூடுதல் வரியும், அதற்கும் மேல் 4 சதவீதம் செஸ்ஸும் சேர்ந்து மொத்தம் 14.3 சதவீதம் ஆகிறது. அதே கம்பெனி தன் வியாபார லாபத்துக்குக் கட்டுவது ஏறத்தாழ 25.17 சதவீதம். நிலம் வாங்கி விற்பதே ஒருவருடைய தொழிலாக இருந்தால் அது அவருக்குச் சரக்கு. அந்த லாபம் வியாபார லாபமாகவே பாவிக்கப்படும். நாம் பேசுவது தொழில் நடத்துவதற்காக வாங்கி வைத்த நிலத்தைப் பற்றி.

இனி உதாரணத்துக்கு வருவோம். ஒட்டன்சத்திரத்தைப் போன்ற ஒரு காய்கறிச் சந்தையூருக்கு வெளியே ஒரு கம்பெனி குளிர்பதனக் கிடங்கு ஒன்றைக் கட்டிப் பத்து ஆண்டு நடத்தத் திட்டமிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலத்தின் விலை 4 கோடி ரூபாய். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் உண்டு. ஆக 36 லட்சம். வாங்குகிறவர் இதைச் செலவு என்று எண்ணி மறந்துவிடக் கூடாது; நிலத்தின் அடக்க விலையோடு சேர்ந்து பத்து ஆண்டுக்குப் பிறகு ஆதாயத்திலிருந்து கழிக்கப்பட வேண்டிய தொகை இது. எனவே நிலத்தின் அடக்கம் 4 கோடியே 36 லட்சம். கட்டடத்துக்கும் இயந்திரங்களுக்கும் 6 கோடி, நடைமுறை மூலதனத்துக்கு 1 கோடி. எல்லாம் சேர்ந்து 11 கோடியே 36 லட்சம் இன்று வெளியே போகிறது. கிடங்கு வருஷந்தோறும், வரி கட்டியது போக, 1 கோடியே 52 லட்சம் ரொக்கமாகத் தருகிறது. கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் முடிவில் சொற்ப விலைதான் கிடைக்கும் என்று கருதி அதை இப்போதைக்கு விட்டுவிடுவோம். நிலம் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 7.2 சதவீதம் ஏறி, பத்து ஆண்டில் இரட்டித்து, 8 கோடிக்கு விலைபோகிறது.

கம்பெனி தன் முதலுக்கு எதிர்பார்க்கும் வருமானம் 12 சதவீதம் என்றால், பத்து ஆண்டுக்குப் பிறகு வரும் ஒரு ரூபாய்க்கு இன்றைய மதிப்பு ஏறக்குறைய 32 காசு. ஆண்டுதோறும் வரும் 1 கோடியே 52 லட்சத்தை இந்தப் பிரமாணத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 8 கோடியே 59 லட்சம். திரும்பி வரும் நடைமுறை மூலதனம் 32 லட்சம். இவை இரண்டிலும் எனக்கு அதிகம் சொல்வதற்கு இல்லை. மூலதனம் திரும்புவது லாபம் அல்லவாதலால் அதற்கு வரியும் இல்லை. விஷயம் முழுவதும் நிலத்தில் இருக்கிறது.

8 கோடிக்கு விற்கும்போது தரகு ஒரு சதவீதம், 8 லட்சம், போக மிஞ்சுவது 7 கோடியே 92 லட்சம். வரியைப் பற்றி நினைக்காமல் இந்தத் தொகையையே இறுதி ஆண்டில் எழுதினால் அதன் இன்றைய மதிப்பு 2 கோடியே 55 லட்சம். எல்லாவற்றையும் கூட்டி, போட்ட பணத்தைக் கழித்தால், நிகர நிகழ்கால மதிப்பு சுமார் 10 லட்சம் ரூபாய் உபரியாக நிற்கிறது. திட்டத்தை மேற்கொள்ளலாம் என்று அறிக்கை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிடலாம்.

இப்போது வரியைக் கொண்டுவாருங்கள். தரகு போன 7 கோடியே 92 லட்சத்திலிருந்து அடக்கமான 4 கோடியே 36 லட்சத்தைக் கழித்தால் ஆதாயம் 3 கோடியே 56 லட்சம். அதற்கு 14.3 சதவீதம் என்றால் வரி 50 லட்சத்து 91 ஆயிரம். கையில் தங்குவது 7 கோடியே 41 லட்சம். அதன் இன்றைய மதிப்பு 2 கோடியே 38.6 லட்சம். உபரியாக நின்ற 10 லட்சம் மறைந்து, 6 லட்சத்து 40 ஆயிரம் பற்றாக்குறை தோன்றுகிறது. வேறு எந்த எண்ணும் மாறவில்லை. சந்தை சரியவில்லை, மின்கட்டணம் ஏறவில்லை, கிடங்கில் ஒரு மூட்டையும் குறையவில்லை. பத்து ஆண்டுக்கு அப்பால் கட்டப்போகிற ஒரே ஒரு வரி, இன்றைய தீர்மானத்தைத் தலைகீழாக மாற்றிவிடுகிறது.

வரியை மறப்பது ஒரு தவறு என்றால், அதை அளவுக்கு மிஞ்சி எழுதுவதும் தவறுதான்; அதுவும் நடக்கிறது. இயந்திரத்துக்குப் போட்ட அதே 25.17 சதவீதத்தை நில ஆதாயத்துக்கும் போட்டால் வரி 89 லட்சத்தைத் தாண்டிவிடும். அடக்கத்தைக் கழிக்காமல் விற்பனைத் தொகை முழுவதற்கும் போட்டாலோ 2 கோடிக்கு மேல் போய்விடும். நல்ல திட்டம் ஒன்றை இத்தகைய கணக்கு அநியாயமாகக் கொன்றுவிடும். பிறர் எழுதிய அறிக்கையைச் சோதிக்க வேண்டியிருந்தால் நான் செய்வது இதுதான்: கடைசி ஆண்டின் நில வரியை எடுத்து விற்பனைக் கிரயத்தால் வகுத்துப் பார்ப்பேன். நம் உதாரணத்தில் அது 6.4 சதவீதம். நிலத்தின் விலை எவ்வளவுதான் ஏறினாலும் அது 14.3-ஐ எட்ட முடியாது; எட்டியிருந்தாலும் தாண்டியிருந்தாலும், அடக்கத்தைக் கழிக்கவில்லை, அல்லது வேறொரு விகிதம் புகுந்துவிட்டது என்று உடனே தெரிந்துவிடும். பூஜ்யமாக இருந்தால் வரியையே மறந்திருக்கிறார்கள். அல்லது விலை ஏறாது என்று எண்ணியிருக்கிறார்கள்.

2024 ஜூலை 23 என்ற தேதியைச் சொன்னேன். அதைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும். ஏனென்றால் நீண்ட காலத் திட்டங்களின் கணக்கை அடியோடு மாற்றிய தேதி அது. அதற்கு முன்பு விகிதம் 20 சதவீதம். ஆனால் வாங்கிய விலையை விலையேற்றக் குறியீட்டெண்ணுக்கு ஏற்ப உயர்த்திக்கொண்டு, அந்த உயர்ந்த விலையைக் கழிக்கலாம். பணத்தின் மதிப்பு குறைந்ததனால் மட்டும் ஏறிய விலையை ஆதாயமாகக் கருதக் கூடாது என்பது அதன் நியாயம். புதிய முறையில் விகிதம் குறைந்தது, குறியீட்டெண் போய்விட்டது. 2024 ஜூலை 23-க்கு முன் நிலம் வாங்கிய, இந்நாட்டில் வசிக்கும் தனிநபர்களும் இந்துக் கூட்டுக் குடும்பங்களும் மட்டும், பழைய முறையில் வரி குறைவாக வருமானால் அந்தக் குறைந்த அளவோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று பின்னர் விதிவிலக்குச் செய்தார்கள். கம்பெனிகளுக்கும் கூட்டு வியாபார நிறுவனங்களுக்கும் அந்தச் சலுகை கிடையாது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஸ்தானத்தில் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறினாலும், இந்தக் கணக்கின் அடிப்படை மாறவில்லை.

இதன் பலனை நமது கிடங்கின் எண்களைக் கொண்டே பார்க்கலாம். அதே நிலத்தை 2014-15-ஆம் நிதியாண்டில் வாங்கி 2024-25-இல் விற்றதாக வைத்துக்கொண்டால், குறியீட்டெண் 240-லிருந்து 363-ஆக உயர்ந்திருக்கிறது; 4 கோடியே 36 லட்சம் என்ற அடக்கம் ஏறத்தாழ 6 கோடியே 59 லட்சமாகக் கருதப்பட்டிருக்கும். ஆதாயம் 1 கோடியே 33 லட்சமாகச் சுருங்கும். கூடுதல் வரியும் செஸ்ஸும் சேர்ந்த 22.88 சதவீதத்தில் வரி 30 லட்சத்து 33 ஆயிரம். புதிய முறையில் 50 லட்சத்து 91 ஆயிரம். விகிதம் குறைந்திருக்கிறது என்று செய்தியில் படித்துச் சந்தோஷப்பட்டவர், கட்ட வேண்டிய தொகை 20 லட்சத்துக்கு மேல் கூடியிருப்பதைச் செலான் எழுதும்போதுதான் அறிந்திருப்பார். பத்து ஆண்டில் நிலம் மும்மடங்காகி 12 கோடிக்குப் போயிருந்தாலோ பலன் எதிர்மாறானது: பழைய முறையில் 1 கோடியே 21 லட்சம், புதிய முறையில் 1 கோடியே 8 லட்சம். இரண்டும் சமமாகும் இடம், தரகு போன கிரயம் அடக்கத்தைப் போல் சுமார் 2.4 மடங்காக இருக்கும்போது வருகிறது; அதாவது, இந்தப் பத்து ஆண்டின் விலையேற்றத்துக்கு, அடக்கத்தின்மேல் ஆண்டுக்கு ஏறத்தாழ 9 சதவீத வளர்ச்சி. அதற்குக் கீழே மெதுவாக ஏறுகிற நிலத்தைப் புதிய சட்டம் தண்டிக்கிறது. அதற்கு மேலே வேகமாக ஏறுகிற நிலத்துக்குச் சலுகை காட்டுகிறது. தொழிற்சாலை நிலங்கள் பல முதல் வகையைச் சேர்ந்தவை என்பது என் அபிப்பிராயம். நகரத்து மனைகள் இரண்டாம் வகை. பணவீக்கத்துக்கும் வரி கட்டச் சொல்வது நியாயமல்ல என்று நான் கருதுகிறேன். ஆயினும் கணக்கெழுதுகிறவன் தனக்கு நியாயமாகப் படும் சட்டத்தை அல்ல, நடப்பில் இருக்கும் சட்டத்தைத்தான் கட்டத்தில் இட வேண்டும். 2015-இல் அறிக்கை எழுதியவர்கள் 20 சதவீதத்தையும் குறியீட்டெண்ணையும் நம்பி எழுதியது போலத்தான் நாமும் இன்று 14.3-ஐ நம்பி எழுதுகிறோம். ஆகையால் அந்த விகிதத்தைச் சற்றுக் கூட்டியும் குறைத்தும் ஒரு தடவை கணக்கிட்டுப் பார்த்துவிடுவது விவேகம்.

இதுவரை நிலத்தைப் புதிதாக வாங்குகிற கம்பெனியைப் பற்றிப் பேசினோம். ஆனால் நம் பக்கத்தில் பெரும்பாலான திட்டங்கள் ஏற்கனவே சொந்தமாகக் கிடக்கிற நிலத்தில்தான் எழும்புகின்றன. இங்கேதான் மிகவும் சூட்சுமமான பிசகு நேர்கிறது. அதே நிலத்தைக் கம்பெனி 2006-ஆம் ஆண்டில் 60 லட்சத்துக்கு வாங்கிப் போட்டிருந்தது என்று கொள்வோம். இன்றைய விலை 4 கோடி. இப்போது முதல் ஆண்டில் நிலத்துக்காக என்ன தொகையை எழுதுவது?

60 லட்சம் என்பார் சிலர். ஏடுகளில் இருப்பது அதுதான். ஆனால் அந்தப் பணம் என்றோ போய்விட்டது. இன்று செய்யப்போகும் தீர்மானத்தால் அது திரும்பவோ கூடவோ போவதில்லை. அதை எழுதினால் திட்டம் 3 கோடியே 52 லட்சம் உபரி காட்டும். அவ்வளவு இலகுவான அளவுகோலைக் கொண்டு அளந்தால் எந்தத் திட்டமும் தேறிவிடும். நிலத்தைக் கிடங்குக்குக் கொடுப்பதால் கம்பெனி இழப்பது, அதை இன்றே விற்றிருந்தால் கையில் வந்திருக்கும் ரொக்கம். ஆகவே 4 கோடி என்பார் வேறு சிலர். பாடப் புத்தகங்களைப் படித்தவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். அதுவும் முழு உண்மையல்ல. இன்று விற்றிருந்தால் தரகு 4 லட்சம் போயிருக்கும். மிஞ்சிய 3 கோடியே 96 லட்சத்தில் 60 லட்சம் அடக்கம் போக 3 கோடியே 36 லட்சம் ஆதாயம். அதற்கு 48 லட்சம் வரி. கையில் வந்திருக்கும் தொகை 3 கோடியே 48 லட்சம்தான். அதுவே இந்தத் திட்டம் நிலத்துக்காகத் தியாகம் செய்யும் உண்மையான தொகை. அதையே முதல் ஆண்டில் எழுத வேண்டும்.

முதல் ஆண்டில் இவ்வாறு செய்தவர் கடைசி ஆண்டில் அதற்கு இணங்க நடந்துகொள்ள வேண்டும். பத்து ஆண்டுக்குப் பிறகு 8 கோடிக்கு விற்கும்போது சர்க்கார் கழிக்க அனுமதிக்கும் அடக்கம், இன்றைய 4 கோடியும் அல்ல, 3 கோடியே 48 லட்சமும் அல்ல. 2006-இல் உண்மையாகவே கொடுத்த அந்த 60 லட்சம்தான். ஆதாயம் 7 கோடியே 32 லட்சம், வரி 1 கோடியே 4.7 லட்சம், கையில் 6 கோடியே 87 லட்சம், இன்றைய மதிப்பில் 2 கோடியே 21 லட்சம். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் திட்டம் சுமார் 64 லட்சம் உபரி காட்டுகிறது. புதிய நிலத்தில் 6 லட்சம் பற்றாக்குறை காட்டிய அதே கிடங்குதான்! வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் இரண்டாம் தடவை கட்ட வேண்டியதில்லை. இன்றைய தரகும் இல்லை. இவற்றுக்கெல்லாம் மேலாக, இன்று கட்டியிருக்க வேண்டிய 48 லட்ச ரூபாய் வரி பத்து ஆண்டு தள்ளிப் போகிறது. தள்ளிப்போன வரி ஒழிந்துபோன வரியல்ல; கடைசியில் கட்டும் 1 கோடியே 4.7 லட்சத்துக்குள் அதுவும் அடங்கியிருக்கிறது. ஆனால் 12 சதவீதப் பிரமாணத்தில் பத்து ஆண்டுக்குப் பிந்திய 48 லட்சம் இன்றைய 15 லட்சத்துக்குத்தான் சமானம். வித்தியாசமான 33 லட்சம், விற்காமல் வைத்துக்கொண்டதன் பலன்.

நடுவழியில் நின்றவர், அதாவது முதல் ஆண்டில் 4 கோடியை எழுதி, கடைசியிலும் அதே 4 கோடியை அடக்கமாகக் கழித்தவர், 28 லட்சம் உபரி காண்பார். இரண்டு பிசகுகளில் ஒன்று திட்டத்தைத் தாழ்த்துகிறது, மற்றது உயர்த்துகிறது. ஒன்றையொன்று ஓரளவு ஈடுசெய்துகொள்வதால் விடை நம்பத்தக்கதாகத் தோன்றுகிறது. அதனால்தான் இந்தப் பிசகு கண்ணுக்குப் படாமல் தப்பிவிடுகிறது. இதைக் கண்டுகொள்ளும் வழி, கடைசி ஆண்டில் கழித்திருக்கும் அடக்கத்தைப் பழைய கிரயப் பத்திரத்தோடு வைத்து ஒத்துப்பார்ப்பதுதான். நிலம் 2001 ஏப்ரல் முதல் தேதிக்கு முன்பே வாங்கப்பட்டிருந்தால் மட்டும், பத்திர விலைக்குப் பதிலாக அன்றைய சந்தை மதிப்பை, அன்றைய முத்திரைத்தீர்வை மதிப்புக்கு மிகாமல், அடக்கமாக எடுத்துக்கொள்ளலாம். பாட்டனார் காலத்து நிலங்களை வைத்திருக்கும் கம்பெனிகளுக்கு இது பெரிய அனுகூலம். அந்த மதிப்பீட்டை இப்போதே ஒரு மதிப்பீட்டாளரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்வது பத்து ஆண்டுக்குப் பிறகு தேடுவதைக் காட்டிலும் எளிது.

விற்பனை நாளில் நேரும் இன்னொரு சங்கடத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். திட்டம் முடிந்து கதவைச் சாத்துகிற கம்பெனி, பொறுமையாகக் காத்திருந்து விற்கும் நிலையில் பெரும்பாலும் இருப்பதில்லை. கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட நேரும். ஆனால் அரசின் வழிகாட்டி மதிப்பு, அதாவது முத்திரைத் தீர்வைக்காக நிர்ணயித்த மதிப்பு, விற்ற விலையைக் காட்டிலும் 10 சதவீதத்துக்கு மேல் அதிகமாக இருந்தால், வருமான வரிச் சட்டம் வழிகாட்டி மதிப்பையே விற்பனைக் கிரயமாகப் பாவிக்கும். நமது நிலம் 8 கோடிக்கு விற்று, அன்றைய வழிகாட்டி மதிப்பு 9 கோடியாக இருக்குமானால், கைக்கு வராத அந்த ஒரு கோடிக்கும் 14 லட்சத்து 30 ஆயிரம் வரி கட்ட வேண்டும். சந்தை விலை உண்மையாகவே குறைவுதான் என்று வாதித்து, துறையின் மதிப்பீட்டு அதிகாரிக்கு அனுப்பும்படி கேட்கலாம். வழி உண்டு, ஆனால் காலம் பிடிக்கும். ஆகவே கடைசி ஆண்டில் குறைந்த விலையைப் போட்டுச் சோதிக்கும்போது, வரியையும் அதே விகிதத்தில் குறைத்துவிடாமல், வழிகாட்டி மதிப்பில் நிறுத்தி எழுதிப் பார்ப்பது நல்லது. நிலத்தையும் கட்டடத்தையும் ஒரே பத்திரத்தில் விற்கும்போது, இரண்டுக்கும் விலையைத் தனித்தனியே உண்மைக்கு ஏற்றவாறு பிரித்து எழுதவும் வேண்டும். ஏனெனில் கட்டடத்தின் பங்கு தேய்மானக் கணக்கில் சேர்ந்து, அங்கே மிஞ்சியிருக்கும் மதிப்பைத் தாண்டினால், குறுகியகால ஆதாயமாகக் கருதப்படும்.

கடைசியாக, நிலத்தின் விலை ஏறவே இல்லை என்றால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடலாம். புதிதாக வாங்கிய கம்பெனியின் நிலத்துக்குப் பத்து ஆண்டுக்குப் பிறகும் அதே 4 கோடிதான் என்றால், தரகு போக 3 கோடியே 96 லட்சம்; அடக்கமோ 4 கோடியே 36 லட்சம்; 40 லட்சம் நஷ்டம். பாடப் புத்தகச் சூத்திரத்தில் இந்த நஷ்டத்தை இட்டால் வரி எதிர்க்குறியோடு வந்து, 5 லட்சத்து 72 ஆயிரம் வரவாகத் தோன்றும். நம் சட்டத்தில் அப்படி ஒரு வரவு தானாக வராது. நீண்டகால மூலதன நஷ்டத்தை வேறொரு நீண்டகால மூலதன ஆதாயத்தில்தான் ஈடுகட்டலாம். வியாபார லாபத்தில் கழிக்க முடியாது. எட்டு ஆண்டுவரை தூக்கிக்கொண்டு போகலாம். விற்பதற்கு வேறு சொத்து இல்லாத கம்பெனிக்கு அந்தத் தொகை பூஜ்யம்தான். இவ்வாறு எழுதினால் திட்டத்தின் பற்றாக்குறை 1 கோடியே 17 லட்சம் ஆகிறது.

இந்த எண்ணோடு முதலில் கண்ட எண்ணைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிலம் ஆண்டுக்கு 7.2 சதவீதம் ஏறினால் 6 லட்சம் பற்றாக்குறை. சரிக்குச் சரியாக வருவதற்கு, வரியும் தரகும் போகக் கணக்கிட்டால், நிலம் 8 கோடியே 23 லட்சத்துக்கு விற்க வேண்டும். அதாவது ஆண்டுக்கு 7.5 சதவீதம் ஏற வேண்டும். அறிக்கையின் தீர்ப்பு முழுவதும், பத்து ஆண்டுக்கு அப்பால் உள்ள நிலவிலையைப் பற்றிய யூகத்தில், ஒரு சதவீதத்தின் மூன்றிலொரு பங்கைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. காய்கறியைக் குளிரில் வைத்துக் காப்பதனால் மட்டும் இந்தக் கம்பெனி 12 சதவீதம் சம்பாதிக்கவில்லை. நிலம் விலையேறும் என்ற எதிர்பார்ப்புத்தான் கிடங்கைத் தாங்குகிறது. அப்படியானால் இயக்குநர்கள் முன்னிலையில் வைக்க வேண்டியது ஒரே ஒரு உபரித் தொகை அல்ல. கிடங்கின் கணக்கு தனியாகவும், வரி போன நிலத்தின் கணக்கு தனியாகவும், இரண்டு வரிசைகளாக எழுதி வைக்கப்பட வேண்டும். நிலத்தின் வரிசையில் அடக்கம், தரகு, வழிகாட்டி மதிப்பு, விகிதம், வரி ஆகிய ஐந்தும் வெவ்வேறு கட்டங்களில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கிடங்கு வேண்டுமா, அல்லது நிலத்தை மட்டும் வாங்கிப் போட்டால் போதுமா என்ற கேள்வியை அவர்கள் அப்போதுதான் கேட்க முடியும்.